மத்தியானத்துக்கு ஒரு மாதச் சவாரி

காலை பள்ளிக்கூடச் சவாரியும் ஆபீஸ் சவாரியும் பத்தரை மணியோடு ஓய்ந்துவிடும். அதன்பின் நாலு மணி வரை சென்னையின் பல ஆட்டோ ஸ்டாண்டுகளில் வண்டிகள் வரிசையாக நிற்கும். வாடகை வண்டி ஓட்டுபவருக்கு அந்த நேரத்துக்கும் சேர்த்தே வாடகை ஓடிக்கொண்டிருக்கும். சும்மா நிற்பதற்குக் கடைச் சரக்கு ஏற்றலாமே என்று பலர் நினைப்பதுண்டு. சின்னப் பார்சல் என்றால் பரவாயில்லை. பயணிகள் பெர்மிட் உள்ள வண்டியில் மூட்டை அடுக்கினால் அபராதம் வரும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணம் கிடைப்பதும் சிக்கலாகும்.

அதைவிட நல்ல வழி டயாலிசிஸ் நோயாளிகள். இவர்களில் பலர் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் சுமார் நாலு மணி நேரம் சிகிச்சை எடுக்கிறார்கள். முதல்வர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கும், ஆட்டோக் காசை ஏற்காது. பஸ்ஸில் போக உடம்பு இடம் கொடுக்காது. பதினோரு மணிக்கு ஏறி மூன்று மணிக்கு முடிப்பவர் கிடைத்தால் உங்கள் காலியான நேரம் அப்படியே நிரம்பும்.

கணக்கைப் பார்ப்போம். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி 5 கிலோமீட்டர், ஒரு வழிக்கு 120 ரூபாய் என்று பேசியிருக்கிறீர்கள். போக வர 240. காலியாக ஓடும் தூரம் 8 கிலோமீட்டர் என்றால் மொத்த ஓட்டம் 18. கிலோமீட்டருக்கு 3 ரூபாய் எரிவாயு என்று வைத்தால் 54 போக, கையில் 186 நிற்கும். மாதம் 13 நாளுக்கு 2,418. ஒருவர் திங்கள், புதன், வெள்ளி வந்தால், செவ்வாய், வியாழன், சனிக்கு இன்னொருவரைப் பிடியுங்கள், தொகை இரட்டிப்பாகும். நடுவில் இருக்கும் நாலு மணி நேரமும் உங்களுடையதுதான், ஆஸ்பத்திரி வாசலிலேயே வேறு சவாரி கிடைக்கும்.

காசை வாரக் கடைசியில் வாங்கிவிடுவது நல்லது. நோயாளியை திடீரென அட்மிட் செய்துவிட்டால் மாதக் கணக்கு இழுபறியாகும். உங்களால் வர முடியாத நாளில் யார் வருவார் என்பதையும் முன்பே சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் டயாலிசிஸைத் தள்ளிப்போட முடியாது.

திரும்பும்போது பலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கையில் ஊசி போடும் ரத்தக்குழாய் இருக்கும். அந்தக் கையைப் பிடித்து ஏற்றாதீர்கள். கட்டு நனைந்து ரத்தம் கசிந்தால் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, வண்டியை ஆஸ்பத்திரிக்கே திருப்புங்கள். பள்ளங்களில் மெதுவாகப் போங்கள்.

சிகிச்சை சொன்ன நேரத்துக்கு முடியாது, அரை மணி இழுக்கும். ஆகவே மாலை ஐந்துக்கு முடிகிற நேரத்தைக் கேட்டு யாராவது வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஆபீஸ் விடும் நேரத்துச் சவாரிகளை இழப்பதற்கு அந்த 120 ரூபாய் ஈடாகாது.