பத்திரம் முடிஞ்சுது, ஆனா பட்டா யார் பேருல இருக்கு?

போன வருஷம் நான் ஊர்ப் பக்கம் 1,200 சதுர அடி மனை வாங்கினேன். முப்பதுக்கு நாற்பது. பத்திரம் கைக்கு வந்ததும் 'அவ்வளவுதான், முடிஞ்சுது'ன்னு நினைச்சேன். முடியல.

நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, இங்க ரெண்டு டேட்டாபேஸ் இருக்கு. பத்திரம் பதிவுத்துறையோடது. பட்டா வருவாய்த்துறையோடது. ஒண்ணுல பேர் மாறினா இன்னொண்ணுலயும் மாறணும். அதுதான் பட்டா மாறுதல்.

இதுல ரெண்டு வகை. ஒரு சர்வே எண்ணை முழுசா வாங்கினா அது 'உட்பிரிவு இல்லாதது'. பழைய பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டா போதும். ஒரு பகுதியை மட்டும் வாங்கினா அது 'உட்பிரிவு உள்ளது'. சர்வேயர் வந்து அளந்து, உங்க துண்டுக்குத் தனி எண் கொடுக்கணும்.

நான் சறுக்கினது இங்கதான். எனக்கு வித்தவருக்கு 145/2-ல மொத்தம் 10 சென்ட். அதுல நான் வாங்கினது சுமார் 2.75 சென்ட். சீக்கிரம் முடியும்னு 'உட்பிரிவு இல்லாதது'ன்னு விண்ணப்பிச்சுட்டேன். பட்டாவும் வந்துச்சு, என் பேரும் இருந்துச்சு. செம சந்தோஷம்! வீடு கட்ட லோன் கேட்டப்பதான் பேங்க் வக்கீல் சொன்னார்: "தம்பி, இது கூட்டுப் பட்டா. இதுல உங்க இடம் எதுன்னே தெரியலையே?"

அதை நானே கண்டுபிடிச்சிருக்கலாம். பட்டாவுல பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்குல இருக்கும். ஒரு ஏர்னா 100 சதுர மீட்டர். என் மனை 1.11 ஏர். பட்டாவுல இருந்தது 4.05 ஏர், அதாவது அந்த 10 சென்ட் முழுசும். பக்கத்துல ரெண்டு பேர். எண்ணும் அதே பழைய 145/2.

திரும்ப உட்பிரிவோட விண்ணப்பிச்சேன். சர்வேயர் வர்ற அன்னிக்கு வித்தவரையும் பக்கத்து மனைக்காரரையும் கூப்பிட்டு வெச்சேன். எல்லைக் கல்லுல தகராறு வந்தா அங்கேயே தெரிஞ்சுடும். தாசில்தார் ஒப்புதலுக்கு அப்புறம் 145/2B-ன்னு என் பேருல மட்டும் தனிப் பட்டா வந்துச்சு.

நீங்க eservices.tn.gov.in-ல மூணு விஷயம் பாருங்க: பேர், உட்பிரிவு எண், பரப்பு. அப்புறம் புலப்படத்தை எடுத்து, மீட்டர்ல இருக்கிற பக்க அளவைப் பத்திரத்தோட ஒப்பிடுங்க. என் முப்பதுக்கு நாற்பது அங்க 9.14-க்கு 12.19.

கடைசியா ஒண்ணு. பட்டாவுல பேர் வந்துட்டா மட்டும் இடம் உங்களோடதுன்னு ஆகிடாது. வருவாய்ப் பதிவு உரிமையை உருவாக்காதுன்னு சுப்ரீம் கோர்ட் பல தடவை சொல்லியிருக்கு. அதனால வாங்கறதுக்கு முன்னாடியே தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்துடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.