சல்லடை இல்லாத வடிகட்டி

வேளச்சேரியிலிருந்து பாரிமுனைக்கு தினமும் பைக்கில் போய்வந்த காலத்தில், வீடு திரும்பி மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கறுப்பு இழையோடும். இவ்வளவு அழுக்கா நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்று பதறியிருக்கிறேன். பதற்றம் நியாயமானதுதான், ஆனால் காரணம் தவறு. அந்தக் கறுப்பு, மூக்கு பிடித்து நிறுத்திய அழுக்கு. நுரையீரலுக்குள் போனது கைக்குட்டைக்கு வராது.

மூச்சுப்பாதையை ஒரு சல்லடையாக நினைத்துக்கொள்வது நம் வழக்கம். பெரிய தூசு மேலே தங்கும், சிறியது கீழே இறங்கும், மிகச் சிறியது மிக ஆழத்துக்குப் போகும் என்று எண்ணுகிறோம். இது பாதிதான் உண்மை. மூக்கிலிருந்து நுரையீரலின் அடிவரை தூசியை அளந்து நிறுத்தும் கண்ணித்துளை எதுவும் இல்லை. இருக்கும் துளைகளிலேயே சிறியது கூட, நாம் பேசப்போகும் தூசியைவிடப் பல மடங்கு பெரியது. ஒரு துகள் எங்கே படியும் என்பது அது எப்படி நகர்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு சிக்னலில் நின்று ஒரே ஒரு மூச்சு இழுப்போம். அதில் வரும் மூன்று துகள்களை மட்டும் பின்தொடரலாம். முதலாவது, லாரிச் சக்கரம் கிளப்பிய மண்தூசி, 10 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் அதன் ஏழில் ஒரு பங்கு. இரண்டாவது, முன்னே நிற்கும் பேருந்தின் பிரேக் தேய்ந்து உதிர்ந்த தூள், 3 மைக்ரான். மூன்றாவது, டீசல் புகையின் கரித்துகள், ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கும் அதற்குக் கீழும்.

மண்தூசியின் பயணம் மூக்கிலேயே ஏறக்குறைய முடிந்துவிடும். மூக்குத் துவாரத்தைக் கடந்த காற்று உடனே குறுகலான, மடிப்பு மடிப்பான சுவர்களுக்கு இடையே வளைந்து, பின் தொண்டையை நோக்கிச் செங்குத்தாகத் திரும்புகிறது. பேருந்து சட்டென்று வளைவில் திரும்பும்போது கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் போய்க்கொண்டிருந்த திசையிலேயே சாய்ந்து பக்கத்தில் மோதுவார் அல்லவா? 10 மைக்ரான் தூசிக்கு அந்தக் கதிதான். காற்று திரும்பிவிடும், கனமான தூசியால் திரும்ப முடியாது. ஈரச் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். ஓடும்போதோ மூக்கடைப்பிலோ வாயால் மூச்சுவிட்டால் இந்த வளைவுகளை எல்லாம் தாண்டிவிடுகிறோம். அப்போது இதே தூசியில் கூடுதலான பங்கு மூச்சுக்குழாய்க்குள் இறங்கும்.

பிரேக் தூளிலும் ஒரு பெரும் பங்கு மூக்கில் சிக்கிவிடும். தப்பியது மூச்சுக்குழாயில் இறங்குகிறது. ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம்கூட இல்லாத அந்தக் குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாக, இப்படி ஏறக்குறைய 23 முறை. பிரியும் ஒவ்வொரு கவையின் முனையிலும் சில துகள்கள் மோதி நிற்கும். குழாயின் மற்ற இடங்களைவிட இந்தக் கவைமுனைகளில் தூசு அடர்த்தியாகப் படிகிறது.

அதற்குக் கீழே நடப்பதைக் காவிரிப் பாசனத்தைப் பார்த்தவர்கள் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். ஆற்றில் சுழித்து ஓடும் தண்ணீர் வாய்க்காலாகி, கண்ணியாகி, வயலில் பரவும்போது வேகம் இழந்துவிடும். அதுவரை தூக்கி வந்த வண்டலை அங்கே போட்டுவிடும். நுரையீரலிலும் ஒவ்வொரு கிளையும் மெலிந்துகொண்டே போனாலும் கிளைகளின் எண்ணிக்கை இரட்டிப்பாவதால், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த பரப்பு விரிந்துகொண்டே போகிறது. காற்று அடிப்பகுதியில் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. 3 மைக்ரான் துகள் நிலையான காற்றில் நொடிக்குக் கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் கீழிறங்கும். கேட்க அற்பம்தான். ஆனால் அங்கே குழாயின் விட்டமே அரை மில்லிமீட்டர் அளவுதான். ஓரிரு நொடியில் தரை தட்டிவிடும்.

கரித்துகளுக்கு மோதும் கனமும் இல்லை, விழும் எடையும் இல்லை. அதைக் காற்றின் மூலக்கூறுகளே எல்லாத் திசையிலிருந்தும் இடித்து அலைக்கழிக்கின்றன. அந்தத் தள்ளாட்டத்தில் அது அகலமான குழாயின் சுவரைத் தொட வாய்ப்புக் குறைவு. கடைசியில் உள்ள நுண்ணிய காற்றறையின் அகலமோ கால் மில்லிமீட்டர் அளவே. அங்கே தள்ளாட்டமே போதும். புகையில் இருக்கும் மிகச் சிறிய துகள்களில், ஒரு மைக்ரானை ஐம்பதாகப் பகுத்தால் வரும் அளவுடையவற்றில் ஏறக்குறைய பாதி காற்றறைகளில் படிந்துவிடுகிறது. அதைவிடவும் பல மடங்கு சிறியதானால் தள்ளாட்டம் மிகுந்து, மூக்கின் சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. ‘சிறியது ஆழம் போகும்’ என்ற விதி இங்கே தலைகீழாகிவிடுகிறது.

இடையில் ஒரு விசித்திரமான அளவு இருக்கிறது: ஒரு மைக்ரானில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. மோதுவதற்குக் கனம் போதாது, விழுவதற்கு எடை போதாது, தள்ளாடுவதற்கோ பருமன் அதிகம். இந்த அளவுத் துகள்களில் பெரும்பகுதி நுரையீரலின் அடிவரை போய், எங்கும் ஒட்டாமல், மூச்சோடு வெளியே வந்துவிடுகிறது. தங்குவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான்.

படிந்த இடத்தைப் பொறுத்தே அது எத்தனை நாள் தங்கும் என்பதும் அமையும். மூக்கில் படிந்தது சிந்தினாலோ விழுங்கினாலோ போய்விடும். மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் சளிப் படலமும் அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்களும் உண்டு. அங்கே படிந்ததில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் தொண்டைக்கு ஏறிவிடும். புகைபிடிப்பவருக்கு இந்த நுண்மயிர்கள் சேதமாகியிருக்கும். காலையில் அவரை உலுக்கும் இருமல், ஏறாத சளியை ஏற்றும் முயற்சி. காற்றறைகளில் சளியும் இல்லை, மயிர்களும் இல்லை. விழுங்கு செல்கள் ஒவ்வொன்றாகத் தேடி விழுங்க வேண்டும். அதற்கு மாதங்கள், சிலசமயம் வருடங்கள் ஆகும். கல் உடைக்கும் இடத்துப் படிகக்கல் தூசியோ, விழுங்கிய செல்லையே கொன்றுவிட்டு மீண்டும் வெளியே வருகிறது. சிலிக்கோசிஸ் என்னும் நோயில் நுரையீரல் தழும்பேறி இறுகுவது இப்படித்தான் தொடங்குகிறது.

இதையெல்லாம் அறிந்த பிறகு, காற்றுத் தரப் பலகைகளில் வரும் பிஎம் 10, பிஎம் 2.5 எண்களை வேறு கண்ணோடு பார்க்கிறேன். அவை ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள தூசியின் எடை. இந்தியாவில் பிஎம் 2.5-க்கு 24 மணி நேர வரம்பு 60 மைக்ரோகிராம். ஆனால் ஒரே அடர்த்தி என்று கொண்டால், ஒரு 10 மைக்ரான் மண்தூசியின் எடைக்கு ஈடாக, பத்தில் ஒரு மைக்ரான் கரித்துகள் பத்து லட்சம் வேண்டும். மிகச் சிறியவற்றின் கூட்டம் எடையில் தெரிவதே இல்லை. எண் குறைந்த நாளிலும், டீசல் வண்டியின் புகைக்குழாய்க்குப் பின்னால் நிற்பவரின் காற்றறைகளுக்கு அது தெரியாமல் போகாது. சிக்னலில் சில அடி தள்ளி நிற்க முடிந்தால் நிற்பது, இந்த வகைத் துகளைப் பொறுத்தவரை உண்மையான வித்தியாசம் செய்யும்.

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்களிடம் மருத்துவர், மெதுவாக இழுங்கள், பிறகு பத்து நொடி மூச்சைப் பிடியுங்கள் என்று சொல்வார். அந்த மருந்துத் துளிகள் பெரும்பாலும் 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருக்கும்படி செய்யப்பட்டவை. நம் பிரேக் தூளின் அளவு. வேகமாக இழுத்தால் தொண்டை வளைவில் மோதி அங்கேயே நின்றுவிடும். மெதுவாக இழுத்தால் வளைவைக் கடந்து போகும். பத்து நொடி பிடித்தால், காற்று அசையாத அந்தக் கடைசி வாய்க்கால்களில் விழுந்து படிய அதற்கு நேரம் கிடைக்கும்.