பந்து போன பிறகு சுழலும் மட்டை

பொங்கல் லீவுக்கு வந்திருந்த அக்கா மகன், போனில் ஆடும் கிரிக்கெட் விளையாட்டை வைஃபை வழியாக டிவியில் போட்டு, டிவியைப் பார்த்தே ஆடினான். வரிசையாக போல்டு. "மாமா, நான் அடிக்கறதுக்குள்ள ஸ்டம்ப் போயிடுது" என்றான்.

போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, போனும் டிவியும் சேர்ந்து தெரியும்படி இன்னொரு போனில் படம் எடுத்தேன். போனில் 14.62, டிவியில் 14.35. கால் நொடிக்கும் மேலே தாமதம். நான்கைந்து படம் எடுத்தும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். பந்து மட்டைக்கு வந்துவிட்ட நேரத்தில், டிவியில் அது இன்னும் பாதி வழியில் இருக்கிறது.

போன் ஒவ்வொரு காட்சியையும் சுருக்கி ரவுட்டருக்கு அனுப்புகிறது. ரவுட்டர் டிவிக்குத் தள்ளுகிறது. படம் திக்கித் திணறாமல் ஓட வேண்டுமென்று டிவி கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்கும். சினிமாவுக்கு அது நல்லது, விளையாட்டுக்கு ஆகாது. ஆகவே வைஃபையை விட்டு கேபிளுக்கு வந்தோம்.

டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் இணைப்பானை அவசரப்பட்டு வாங்காதீர்கள். நடுத்தர விலை போன்கள் பலவற்றின் டைப்-சி துளை வழியாகப் படம் வெளியே வராது. ஆண்ட்ராய்டு போனுக்கு நான் நம்புவது, லேப்டாப்பில் இயங்கும் scrcpy என்ற இலவச மென்பொருள். போன் செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கேபிளை மாட்டி, போன் கேட்கும் அனுமதியைக் கொடுத்தபின் லேப்டாப்பில் இப்படி அடிக்க வேண்டும்:

```
scrcpy --max-size=1280 --max-fps=60
```

படத்தின் நீளப் பக்கத்தை 1280 புள்ளிகளுக்குள் அடக்கியதால் பழைய லேப்டாப்பும் மூச்சு வாங்காது. போன் சார்ஜ் ஆகிறது, ஆனால் அனுமதி கேட்கவே இல்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சில மலிவு கேபிள்களில் சார்ஜுக்கான கம்பி மட்டும்தான் இருக்கும். எங்களுக்கும் அதில்தான் அரை மணி நேரம் போனது. கேபிளை மாற்றியதும் லேப்டாப் திரையில் வித்தியாசம் 0.06 நொடிக்கு இறங்கியது.

லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ கேபிளில் டிவிக்குப் போனபோது அது மறுபடி 0.15 ஆகிவிட்டது. நிறத்தையும் அசைவையும் மெருகேற்ற டிவி தன் பங்குக்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. டிவியின் பட அமைப்பில் கேம் மோடைப் போட்டதும் 0.08.

அதற்குமேல் குறைக்க முடியவில்லை. யார்க்கருக்கு இன்னமும் போன் திரையைக் குனிந்து பார்க்கத்தான் வேண்டியிருந்தது. மற்ற பந்துகளை டிவியைப் பார்த்தே அடித்தான். ஐந்து ஓவரில் இரண்டு விக்கெட்தான் போனது.