ஆறு கோடுகளும் சரியாக அமைந்த பிறகு

சீனாவின் பழைய குறிநூலான ‘யி ச்சிங்’கில் மொத்தம் 64 குறிகள். 63-ஆவது ‘கடந்தாயிற்று’: நெருப்பின் மேல் நீர், ஆறு கோடுகளும் தத்தம் இடத்தில். ஆனாலும் தொடக்கம் நன்று, முடிவில் குழப்பம் என்றே நூல் எச்சரிக்கிறது. கடைசிக் குறி ‘இன்னும் கடக்கவில்லை’: நீரின் மேல் நெருப்பு, ஒரு கோடும் தன் இடத்தில் இல்லை, கரையை நெருங்கிய குட்டி நரி வாலை நனைத்துக்கொள்கிறது.

திருமணத் தேதி குறித்த ஒரு ஜோடி மூன்று நாணயங்களை ஆறு முறை வீசி 63 பெறுகிறது என்று வையுங்கள். உச்சிக் கோடு மாறும் கோடானால், தலைவரை நனையும் ஆபத்து. அது மாறினால் கிடைப்பது 37, ‘குடும்பம்’. எல்லாம் முடிந்தது என்று ஓயாமல், பணம், பெற்றோர் பற்றி இப்போதே பேசிவிடச் சொல்கிறது என்பது என் வாசிப்பு. 64 வந்தால் பிரிவு என்று பொருளில்லை; மீதித் தூரத்தை அவசரமின்றிக் கடக்க வேண்டும், அவ்வளவே.