இருவரும் ஒரே பிழையைச் செய்தால்?

கையெழுத்து ஏட்டிலுள்ள ஓர் அட்டவணையைக் கணினியில் ஏற்றும்போது, அதனை இருவரிடம் கொடுத்துத் தனித்தனியே தட்டச்சுச் செய்விப்பது பழைய வழக்கம். பின்னர் இரண்டு பிரதிகளும் ஒப்பிடப்படும். வேறுபடும் இடங்களை மூல ஏட்டுடன் சரிபார்த்துத் திருத்துவார்கள். ஆனால் இருவரும் ஒரே தவறான இலக்கத்தை அடித்திருந்தால் ஒப்பீட்டில் அது அகப்படாது. அவ்வாறு மறைந்திருக்கும் பிழைகள் எத்தனை?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அட்டவணையில் 4000 இலக்கங்கள் உள்ளன. ஒப்பிட்டதில் 66 இடங்கள் வேறுபட்டன. மூலத்தைப் பார்த்தபோது, முதலாமவர் 40 இடங்களிலும் இரண்டாமவர் 30 இடங்களிலும் தவறியிருந்தனர். இவற்றுள் 4 இடங்களில் இருவருமே தவறியிருந்தனர்; ஆனால் வெவ்வேறு இலக்கங்களை அடித்திருந்ததால் அவை அகப்பட்டன.

பிழைகள் வெறும் கவனக்குறைவால் வந்தவையெனின், ஒருவர் தவறிய இடத்திலேயே மற்றவரும் தவறுவது அரிது. 40ஐ 30ஆல் பெருக்கி 4000ஆல் வகுத்தால் 0.3 கிடைக்கும். அதாவது, இருவரும் ஒருங்கே தவறிய ஓர் இடத்தைக்கூட நாம் எதிர்பார்க்க இயலாது. தவறான இலக்கங்கள் ஒன்பதில் இருவரும் ஒன்றையே அடிக்கும் வாய்ப்பு ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே மறைந்த பிழை ஏறத்தாழ 0.03; அஞ்சத் தேவையில்லை.

ஆனால் கண்ணெதிரே 4 இடங்கள் இருக்கின்றன! எதிர்பார்த்ததைவிட இது பதின்மடங்கிற்கும் மேல். சில இடங்கள் இருவரையுமே ஏமாற்றியிருக்கின்றன என்பதற்கு இதுவே அடையாளம். அப்போது மேற்கண்ட 0.03 என்ற கணக்கை நம்பக்கூடாது.

காரணம் நம்மவர் அறிந்ததே. ஐரோப்பியர் பலர் 1ஐ நீண்ட மேற்கோடு இழுத்து எழுதுவர். 7இன் நடுவே குறுக்குக் கோடு இடுவர். இந்த எழுத்துக்குப் பழகாத இருவரிடம் கொடுத்தால், அந்த 1ஐ இருவருமே 7 என்று அடிப்பர். தனித்தனி அறையில் இருந்தாலும் அவர்களின் கண்கள் ஒன்றே.

பார்த்து எழுதினாலும் இதே கதிதான். இங்கிலாந்தின் கடற்பயணப் பஞ்சாங்கத்தை இருவர் தனித்தனியே கணித்து ஒப்பிடும் முறையை மாஸ்கலின் நடத்திவந்தார். 1770இல் கணிப்பாளர் இருவர் ஒருவருடைய விடையை மற்றவர் பார்த்து எழுதியமை வெளிப்பட்டு, இருவருமே நீக்கப்பட்டனர்.

எனவே ஒத்துப்போன இலக்கங்களையும் சோதிக்க வேண்டும். நமது எடுத்துக்காட்டில் அவை 3934. குலுக்கல் முறையில் 300ஐத் தெரிந்து மூலத்துடன் ஒப்பிட்டு, ஒரு பிழையும் காணாவிடினும், பிழையே இல்லையென்று பொருளல்ல. பிழை நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இராது என்றே, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியுடன் கூறலாம். அதாவது, ஏறத்தாழ 39 பிழைகள் வரை இன்னும் மறைந்திருக்கக்கூடும். ஐயத்திற்குரிய 1, 7 ஆகியவற்றை மட்டும், அந்தக் கையெழுத்துக்குப் பழகிய மூன்றாமவர் ஒருவர் முழுமையாகப் படிப்பதே அடுத்த படி.