பாதிக்குப் பாதி ஜெயித்தும் கையைக் கடிப்பது ஏன்?

பங்குச் சந்தையில் தினசரி வாங்கி விற்பவரிடம் கேட்டால், "பத்துக்கு அஞ்சு ட்ரேட் லாபத்துலதான் முடியுது, ஆனா கணக்குல பணம் கரையுது" என்பார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

500 ரூபாய்ப் பங்கில் 200 வாங்குகிறார் என்று வையுங்கள். முதலீடு ஒரு லட்சம். 503-ஐத் தொட்டால் விற்பது, 497-க்கு இறங்கினால் ஸ்டாப்லாஸ். வந்தால் 600, போனால் 600. இருபது ட்ரேடில் பத்து ஜெயித்தால் கணக்கு நேர். ஆனால் மாலையில் வரும் காண்ட்ராக்ட் நோட்டைப் பாருங்கள். ஆர்டருக்கு 20 ரூபாய் வீதம் வாங்க, விற்க 40 ரூபாய் புரோக்கரேஜ். விற்ற தொகையில் 0.025 சதவீதம் எஸ்டிடி, அது 25 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜிஎஸ்டி, முத்திரைத் தீர்வை எல்லாம் சேர்ந்து சுமார் 82 ரூபாய். ஜெயித்தாலும் தோற்றாலும் இது போகும். இருபது ட்ரேடுக்கு 1,640.

இது ஒழுங்காக விதியைப் பின்பற்றுகிறவரின் கணக்கு. நடைமுறையில் 502 வந்ததுமே "வந்தவரை லாபம்" என்று விற்றுவிடுகிறோம். நஷ்டமோ முழுசாக வருகிறது. விலை மளமளவெனச் சரிந்தால் 497-க்குப் போட்ட ஸ்டாப்லாஸ் 496.70-க்குத்தான் நிறைவேறும். இப்போது ஜெயித்தால் 400, தோற்றால் 660. பத்துக்குப் பத்து என்றால் 2,600 நஷ்டம், கட்டணத்தோடு 4,240. இவர் கையைக் கடிக்காமல் இருக்கவே இருபதில் பதினான்கு ஜெயிக்க வேண்டும்.

அப்படியானால் இலக்கை 506 ஆக்கி, ஒன்றுக்கு இரண்டு என்று வைத்தால்? பலரும் சொல்லும் யோசனைதான். அதில் பாதி ஜெயித்தால் நல்ல லாபம். ஆனால் பாதி ஜெயிப்பது எளிதல்ல. எந்தப் பக்கமும் சாயாமல் தாறுமாறாக அலையும் விலை, 497-ஐத் தொடுமுன் 506-ஐத் தொட மூன்றில் ஒரு வாய்ப்புதான். லாபம் இரட்டிப்பாகிறது, வெற்றி குறைகிறது, மறுபடி கணக்கு நேர், அதிலிருந்து அதே 82 ரூபாய் கழிகிறது. கட்டணத்தை ஈடுகட்ட 38 சதவீதம் வெற்றி வேண்டும். 33-க்கும் 38-க்கும் நடுவே உள்ள அந்த ஐந்துதான் ஒருவரின் திறமைக்கான சோதனை.

ட்ரேட் கூடக் கூட இந்தக் கழிவும் கூடும். செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23 நிதியாண்டில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். ஆண்டுக்கு 500 ட்ரேடுக்கு மேல் செய்தவர்களில் 80 சதவீதம். தோற்றவர்கள், தோற்ற தொகைக்கு மேல் அதில் 57 சதவீத அளவைச் செலவாகவும் கட்டியிருக்கிறார்கள்.

உங்கள் கணக்கைப் பார்க்க ஐம்பது ட்ரேடின் காண்ட்ராக்ட் நோட்டுகள் போதும். சராசரி லாபம், சராசரி நஷ்டம், சராசரி கட்டணம் மூன்றையும் எழுதுங்கள். நஷ்டத்தோடு கட்டணத்தைக் கூட்டி, அதை லாபமும் நஷ்டமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் உங்களுக்குத் தேவையான வெற்றி விகிதம் வரும்.