ரீட்ரெடிங் டயர்: லாபமும் நஷ்டமும் கேசிங்கில் இருக்கிறது

நான்குவழிச் சாலையோரம் கிடக்கும் நீளமான கறுப்பு ரப்பர் பட்டைகளைப் பார்த்ததும் ‘ரீட்ரெடிங் டயர் உரிந்துவிட்டது’ என்று சொல்லிவிடுகிறோம். அப்படி ஒரு பட்டையைப் புரட்டிப் பாருங்கள். அடியில் இரும்புக் கம்பிகள் பிய்ந்து நீட்டிக்கொண்டிருந்தால், டயரின் உடம்பே கிழிந்திருக்கிறது. அது ரீட்ரெடிங் பார்க்காத புது டயராகவும் இருந்திருக்கலாம். அடிப்பக்கம் கம்பி எதுவும் இல்லாமல் வெறும் ரப்பராக இருந்தால்தான், ஒட்டிய இடம் விட்டுவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பொறுக்கிய டயர் துண்டுகளை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து, 2008இல் அறிக்கை தந்தது. குறைந்த காற்றும் அதனால் ஏறிய சூடும், சாலையில் குத்திய பொருள்களும்தான் பெரிய காரணங்கள் என்று அதில் தெரிந்தது. புது டயர்களும் அதற்குத் தப்பவில்லை.

லாரி, பஸ் டயரில் இரண்டு பாகம் உண்டு. சாலையில் உரசித் தேய்வது மேலே இருக்கும் ட்ரெட். புதிதில் அதன் வரிகள் சுமார் 15 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். அதற்குக் கீழே உள்ள உடம்புதான் கேசிங்: கம்பி அடுக்குகள், பக்கச்சுவர், ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் பீடு எல்லாம் சேர்ந்தது. பாரத்தைத் தாங்குவதும் காற்றை அடைத்து வைப்பதும் இதன் வேலை. டயருக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது. ட்ரெட் தேய்ந்து முடியும்போது நல்ல கேசிங்கில் இன்னும் உழைப்பு மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை வாங்கிக்கொள்வதுதான் ரீட்ரெடிங்.

பட்டறைக்கு வந்த டயரை முதலில் விரித்து மாட்டி, விளக்கு வெளிச்சத்தில் உள்ளும் புறமும் பார்ப்பார்கள். ஆணி குத்திய ஓட்டை ஒவ்வொன்றையும் கூர்முனைக் கருவியால் நெம்பி, உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று தேடுவார்கள். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும் ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருந்தால், உள்ளே துரு விரலளவு தூரம் ஓடியிருக்கும். கையால் உட்சுவரைத் தடவிக்கொண்டே வருவதும் இந்த வேலைதான். காற்று குறைந்தபடியே ஓடிய டயரில் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி மடங்கி நிமிர்ந்திருக்கும். அதில் சூடேறி, உட்சுவர் நிறம் மாறி, சுருக்கம் விழுந்திருக்கும், கம்பிகள் களைத்துப்போயிருக்கும். அந்த டயர் மீண்டும் காற்று ஏற்றும்போதே பக்கவாட்டில் பிளந்து வெடிக்கலாம். அதனால்தான் நல்ல பட்டறையில், ரிம்மில் மாட்டிய டயருக்குக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிக்கிறார்கள். இந்தச் சோதனையில் கழித்துவிட வேண்டிய கேசிங்கை, ‘கேட்கிறாரே’ என்று தேற்றி அனுப்பும் பட்டறை வாடிக்கையாளருக்கு நல்லது செய்யவில்லை.

தேறிய டயர் பஃபிங் மெஷினுக்குப் போகும். சுழலும் பற்களில் உரசி, தேய்ந்த ரப்பர் தூளாகக் கொட்டும். டயர் முழு வட்டமாகவும், பட்டறை குறித்த சுற்றளவிலும் வர வேண்டும். அதிகம் சுரண்டினால் கம்பி வெளியே தெரியும். குறைத்தால் பழைய ரப்பர் மிஞ்சி ஒட்டு நிற்காது. சொரசொரப்பாக்கிய பரப்பில் ரப்பர் பசை தெளிக்கிறார்கள். வெட்டுக்காயங்களைச் சுத்தம் செய்து ரப்பரால் நிரப்புகிறார்கள். பிறகு குஷன் கம் என்ற மெல்லிய, இன்னும் வேகாத ரப்பர் அடுக்கைப் போர்த்தி, அதன் மேல் வரிகளோடு ஏற்கெனவே வெந்து வந்த ட்ரெட் பட்டையைச் சுற்றி ஒட்டுகிறார்கள். கடைசியில் டயரை உறைக்குள் போட்டுக் காற்றை உறிஞ்சிவிட்டு, சேம்பரில் சுமார் 100 டிகிரிக்கு மேல், அழுத்தத்தோடு மூன்று நான்கு மணி நேரம் வேகவைக்கிறார்கள். குஷன் கம் வெந்து மேல்பட்டையையும் கேசிங்கையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். இதுதான் கோல்டு ப்ராசஸ். வேகாத ரப்பரைப் போட்டு, வரி பதிந்த மோல்டில் 150 டிகிரி அளவில் அழுத்தி எடுப்பது ஹாட் ப்ராசஸ். சூடு குறைவாக இருப்பதால் கோல்டு ப்ராசஸ் கேசிங்கை அதிகம் வாட்டாது. ஜெர்மானியரான பெர்னார்ட் நோவாக் வகுத்த இந்த முறையின் உரிமையை, 1957இல் அமெரிக்காவின் ராய் கார்வர் வாங்கி, பேண்டாக் என்ற பெயரில் உலகெங்கும் பரப்பினார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் எடுத்துக்காட்டுக்காகத்தான், உங்கள் ஊர் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். புது டயர் 24,000 ரூபாய், ஓடியது 80,000 கிலோமீட்டர். தேய்ந்தபின் நல்ல கேசிங் 3,000 ரூபாய்க்கு விலைபோகும் என்றால், டயருக்குப் போனது 21,000. கிலோமீட்டருக்கு சுமார் 26 பைசா. விற்காமல் 7,000 ரூபாய்க்கு ரீட்ரெட் செய்தால், அந்தக் கேசிங்கின் 3,000த்தையும் செலவாகவே எண்ண வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு லாபத்தை ஊதிப் பார்க்கிறார்கள். ஆக 10,000 ரூபாய். 50,000 கிலோமீட்டர் ஓடினால் 20 பைசா. பத்துச்சக்கர லாரியின் பின்பக்க எட்டு டயருக்கும் சேர்த்து, அந்த ஓட்டத்தில் சுமார் 25,000 ரூபாய் மிச்சம். அதே டயர் 15,000 கிலோமீட்டரில் கழன்றால் கிலோமீட்டருக்கு 67 பைசா ஆகிவிடும். இந்தக் கணக்கில் 38,000 கிலோமீட்டராவது ஓடினால்தான் ரீட்ரெடிங் முதலுக்கு மோசமில்லை. அதற்குக் கீழே போனால் புது டயரே மலிவு. வழியில் நின்ற நேரமும் கெட்டுப்போன சரக்கும் இதில் சேரவில்லை.

நெடுந்தூரம் ஒரே வேகத்தில், அளவான பாரத்தோடு ஓடும் வண்டிக்கு இது நன்றாகவே கட்டுபடியாகும். குவாரிக்குள் கல்லின் மேல் ஏறி இறங்கும் டிப்பருக்கு வெட்டுக்காயம் அதிகம்; கேசிங் தேறுவது அபூர்வம். டவுன் பஸ் நடைமேடை விளிம்பில் பக்கச்சுவரை உரசிக்கொண்டே நிற்கும்; அடிக்கடி பிரேக் பிடிப்பதால் ரிம் வழியாகச் சூடு பீடைத் தாக்கும். அந்த டயர்களை இன்னும் கூர்ந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

முன்சக்கரத்தில் ரீட்ரெட் டயர் போடாதீர்கள். அங்கே டயர் வெடித்தால் ஸ்டியரிங்கே ஒரு பக்கம் இழுத்துவிடும். அமெரிக்காவில் பஸ்ஸின் முன்சக்கரத்தில் ரீட்ரெட் டயரை விதிமுறையே தடுக்கிறது. பின்பக்க ஜோடியில் மாட்டும்போது இரண்டு டயரின் விட்டமும் 6 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. பெரிய டயர் பாரம் முழுவதையும் சுமந்து சூடேறும். சின்னது சாலையில் வழுக்கித் தேயும். மொட்டை டயரில் கத்தியால் வரி வெட்டித் தருவது ரீட்ரெடிங்கே அல்ல. இருந்த கொஞ்ச ரப்பரையும் எடுத்துவிடும் வேலை அது.

வரி ஆழம் 3, 4 மில்லிமீட்டர் இருக்கும்போதே டயரைக் கழற்றிவிடுங்கள். கம்பி தெரியும்வரை ஓட்டிவிட்டுப் பட்டறைக்கு எடுத்துப்போனால், திருப்பி அனுப்பத்தான் செய்வார்கள். கொடுக்கும் முன் பக்கச்சுவரின் வரிசை எண்ணையும், தயாரித்த வாரமும் வருடமும் சொல்லும் நாலிலக்க எண்ணையும் குறித்து வையுங்கள்; 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். திரும்பி வருவது உங்கள் கேசிங்தானா என்று அதை வைத்துச் சரிபாருங்கள். அதைவிட முக்கியம், புது டயர் ஓடும் காலத்தில் வாரம் ஒருமுறை, வண்டி கிளம்பும் முன், டயர் ஆறியிருக்கும்போது கேஜ் வைத்துக் காற்றைப் பாருங்கள். ஜோடியின் உள்டயரை விட்டுவிடாதீர்கள். காற்று குறைந்து ஓடுவது பெரும்பாலும் அதுதான்.